குழாய்க்குள் ஒரு சடன் பிரேக்

நாலாயிரத்து முந்நூற்று எழுபது ரூபாய். கண்டக்டர் தன் மச்சானுக்குத் தரவேண்டிய பாக்கி அவ்வளவு. வெறும் வாய்ப்பேச்சுக் கணக்கு இல்லை அது. பழைய பஸ் டிக்கெட் ஒன்றின் முதுகில் பச்சை மையில் எழுதி, அடியில் ஒரு கோடு இழுத்து, கையெழுத்தும் போட்டுக் கொடுத்திருந்தார். முப்பத்திரண்டு வருஷம் சில்லறை பாக்கியை டிக்கெட்டின் முதுகில் எழுதிக் கொடுத்தே பழகிய கை. ஓய்வு பெற்று மூன்று வருஷமாகியும் அந்தப் பழக்கம் மட்டும் ஓய்வு வாங்கவில்லை.

அந்த டிக்கெட் ஆறு மாதமாக பிளம்பரின் சட்டைப் பையில் இருந்தது. இரண்டு தடவை துவைத்தும் ஆகிவிட்டது. எழுத்து கொஞ்சம் வெளுத்ததே தவிர, அழியவில்லை.

பிளம்பரை எல்லோரும் வாஷர் என்றுதான் கூப்பிடுவார்கள். எந்தக் குழாய் ஒழுகினாலும் முதலில் வாஷரைக் கழற்றிப் பார்ப்பவர் என்பதால் வந்த பெயர். கண்டக்டரின் மனைவி அவருடைய சொந்தத் தங்கச்சி. தங்கச்சி வீட்டு வேலை என்பதால் சாமானையெல்லாம் கண்டக்டரே வாங்கிப் போட்டார். மாடியில் புதுசாக ஒரு பிரஷர் பம்பு, குளியலறையில் ஷவர், சமையலறையில் ஒரே தட்டில் திறந்து மூடும் லீவர் குழாய், வாஷிங் மெஷினுக்கு ஒரு தனி லைன். ஆகவே பாக்கி நின்ற நாலாயிரத்து முந்நூற்று எழுபதும் முழுக்க முழுக்கக் கூலி. வாஷரின் தோளும் முழங்காலும் சம்பாதித்த காசு.

அது ஏன் நின்றது என்றால், சத்தம்.

வேலை முடிந்த மூன்றாம் நாள் வாஷிங் மெஷின் தண்ணீர் பிடித்து நிறுத்தியதும், சுவருக்குள் யாரோ சம்மட்டியால் அடித்த மாதிரி 'டமார்' என்று ஒரு அடி. அடுக்கில் இருந்த டம்ளர்கள் நடுங்கின. கண்டக்டர் பத்து ரூபாய்த் தாளைக் கள்ளநோட்டா என்று பார்ப்பதுபோல் சுவரைத் தட்டித் தட்டிப் பார்த்தார். அப்புறம் தீர்ப்புச் சொன்னார். சத்தம் நிற்கட்டும், பாக்கி கைக்கு வரும்.

வாஷருக்கு நோய் என்னவென்று தெரியும். பழைய குழாயை மூட ஐந்தாறு சுற்றுச் சுற்றவேண்டும். அதற்குள் தண்ணீர் தானாகவே நிதானத்துக்கு வந்துவிடும். இந்த லீவர் குழாய்க்கோ கால் சுற்றுதான். மெஷினுக்குள் இருக்கும் வால்வு அதையும் விட மோசம், கண் சிமிட்டும் நேரத்தில் கரண்ட் அதைப் பட்டென்று அடைத்துவிடும். வேகமாக ஓடிவந்த தண்ணீர் போக இடமில்லாமல் முட்டி, அந்த அடி குழாய் நெடுகத் திரும்பிப் போகும்.

கண்டக்டருக்கு அதை அவர் பாஷையிலேயே விளக்கினார்.

"மாப்ளே, நிறைய ஆள் நிக்கிற பஸ்ஸுல டிரைவர் சடன் பிரேக் போட்டா என்ன ஆகும்?"

"எல்லாரும் என் மேல விழுவாங்க."

"அதேதான். உள்ள தண்ணி விழுது."

கண்டக்டர் விடவில்லை. "டிரைவர் மேலதான் தப்பு. நீதான டிரைவர்?" என்றார்.

லீவர் குழாய்க்கு மருந்து சுலபம். மெதுவாக மூடினால் போதும். அன்றிலிருந்து அந்த வீட்டில் எல்லோரும், கண்ணாடிக்கடைக்குள் நுழைந்த ஆள் மாதிரி, குழாயை மெல்ல மெல்ல மூடப் பழகினார்கள். ஆனால் மெஷினிடம் போய் மெதுவாக மூடு என்று யார் சொல்வது? அதற்காக வாஷர் தன் அப்பன் காலத்து வைத்தியத்தைச் செய்தார். மெஷினுக்குப் போகும் குழாயில் ஒரு முழத்துண்டை நேர் மேலாக நிறுத்தி, தலையில் மூடி போட்டு இறுக்கினார். அதற்குக் காத்துக் குப்பி என்று பெயர் வைத்திருந்தார். தண்ணீர் முட்டும்போது மேலே அடைபட்ட காற்று மெத்தை போல் அமுங்கிக் கொடுக்கும். செலவு ஒன்றுமில்லை, கையிலிருந்த மிச்சத் துண்டுதான்.

சத்தம் நின்றது. வாஷர் கையை நீட்டினார். கண்டக்டர் ஒரு மாசம் பார்க்கலாம் என்றார். இருபதாம் நாள் 'டமார்' திரும்பி வந்தது.

வாஷர் வந்து, பம்பை நிறுத்தி, குழாய்களைத் திறந்து தண்ணீரை வடியவிட்டு, குப்பியில் மறுபடி காற்று ஏறச் செய்துவிட்டுப் போனார். சத்தம் நின்றது. மூன்று வாரம். மறுபடி டமார். மறுபடி வடித்தார். மூடி வழியாகக் காற்று கசிகிறது என்று நினைத்து நூலும் டேப்பும் சுற்றினார். அதற்கடுத்த ஒவ்வொரு தடவையும் இன்னும் கொஞ்சம் சுற்றினார். மூடி கடைசியில் காயத்துக்குக் கட்டுப்போட்ட கட்டைவிரல் மாதிரி ஆகிவிட்டது.

இதற்கிடையில் வீட்டுக்கு ஒரு புது ஆள் வந்துவிட்டான். கண்டக்டரின் மகளுக்குப் பிறந்த பையன், இப்போது வயசு மூன்று மாதம். அவன் வந்த பிறகு கதை ஒரு வட்டமாகிவிட்டது. அவன் துணியை நனைப்பான். துணி மெஷினுக்குப் போகும். மெஷின் தண்ணீர் பிடித்து நிறுத்தும். டமார். அவன் பதறி எழுவான், அழுவான், இன்னொரு துணியை நனைப்பான். அது மறுபடி மெஷினுக்குப் போகும். மகள் கண்ணுக்குக் கீழே மை பூசியதுபோல் கறுத்துக் கிடந்தது.

எட்டாவது தடவை வாஷர் வந்தது ஒரு வியாழக்கிழமை காலை. கதவைத் திறந்த மகள், பையனைத் தோளில் போட்டுக்கொண்டே, ஒரு வார்த்தை கூட வீணாக்காமல் விஷயத்தைச் சொன்னாள்.

"மாமா, இன்னைக்கு இவன் தூங்கும்போது மெஷின் போடுவேன். இவன் எழுந்திரிக்கலைன்னா உங்க பாக்கியை அப்பாகிட்ட இருந்து நானே பிடுங்கித் தர்றேன். எழுந்திரிச்சா, பாக்கின்னு யாரும் வாயைத் திறக்கக் கூடாது."

கண்டக்டர் நாற்காலியில் இருந்தபடியே, நல்ல ஏற்பாடு என்றார். வாஷர் பையனை ஒரு தடவை பார்த்துக்கொண்டார். ஆறு மாதமாக நின்ற கூலி ஒரு பச்சைப் பிள்ளையின் கண் இமையில் தொங்குகிறது.

மெஷினுக்குப் பின்னால் உட்கார்ந்து, பம்பை நிறுத்தி, அழுத்தத்தை இறக்கிவிட்டு, குப்பியின் மூடியைக் கழற்றினார். குப்பி கழுத்துவரை தண்ணீர். ஒரு விரல் காற்றுக்கூட இல்லை. ஆனால் கையிலிருந்த மூடியைத் திருப்பிப் பார்த்தவருக்கு ஏதோ இடித்தது. சுற்றியிருந்த நூல் வெளிப்பக்கம் எலும்பு மாதிரி காய்ந்து கிடந்தது. கசிந்த தடம் இல்லை, உப்புப் பூத்த கறை இல்லை. இந்த மூடி மூச்சுக்கூட விடவில்லை. அப்படியென்றால் உள்ளே இருந்த காற்று எந்த வழியாகப் போனது?

அவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். தங்கச்சி, அண்ணன் களைத்துப் போய்விட்டார் என்று நினைத்து, ஒரு சோடா பாட்டிலைக் கொண்டுவந்து நீட்டினாள். வாஷர் அதை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தார். கண்ணாடி மாதிரி தெளிந்த தண்ணீர். ஒரு குமிழ் இல்லை. மூடியைத் திருகினார். 'உஸ்' என்றது. அடியிலிருந்து ஆயிரம் குமிழ் புறப்பட்டு மேலே ஓடின.

இவ்வளவு காற்றும் இவ்வளவு நேரம் எங்கே ஒளிந்திருந்தது?

வாஷர் சோடாவைக் குடிக்கவில்லை. பாட்டிலைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அழுத்தம் இருக்கும்வரை காற்று தண்ணீருக்குள்ளேயே கரைந்து கிடக்கிறது. அப்படியென்றால் தன் குப்பியிலும் காற்று வெளியே ஓடவில்லை. கீழே இருந்த தண்ணீர்தான் அதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்து, குழாய் வழியே கொண்டுபோயிருக்கிறது. தான் நூல் சுற்றியதெல்லாம் திருடன் வாசலில் நிற்கும்போது ஜன்னலுக்குப் பூட்டுப் போட்ட கதை.

"அண்ணே, சோடாவுல கேஸ் போகுது," என்றாள் தங்கச்சி.

"போகட்டும்மா. அது எனக்குப் பாடம் நடத்திக்கிட்டு இருக்கு."

ஆனால் இன்னொரு முடிச்சு இருந்தது. இதே குப்பியை இதற்கு முன் பத்து வீட்டில் வைத்திருக்கிறார். அங்கேயெல்லாம் வருஷத்துக்கு மேல் தாங்கியது. இங்கே மட்டும் ஏன் மூன்று வாரம்? தண்ணீருக்கு இந்த வீட்டில் மட்டும் ஏன் இவ்வளவு பசி?

அதை வாய்விட்டுக் கேட்டார். மகள் பையனைத் தட்டிக்கொண்டே, பசி தண்ணீருக்கா ஷவருக்கா தெரியவில்லை, அப்பா குளித்துவிட்டு வந்தால் முதுகு முழுக்கச் சிவந்திருக்கிறது, ஊசி குத்தின மாதிரி இருக்கிறது, அதனால் நாங்கள் யாரும் ஷவர் பக்கமே போவதில்லை என்றாள்.

கண்டக்டர் செய்தித்தாளை முகத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்துக்கொண்டார்.

வாஷர் எழுந்தார். இத்தனை தடவை வந்தும் அவர் மாடி ஏறவில்லை. இருபத்திநாலு படி, இடது முழங்கால் ஒவ்வொரு படிக்கும் தனித்தனியாக மனு கொடுக்கும். பம்பின் சுவிட்ச் கீழேயே இருந்ததால் அவர் பாட்டுக்கு கீழேயே நிறுத்தி, கீழேயே வடித்துவிட்டுப் போய்க்கொண்டிருந்தார். இன்று கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஏறினார். பின்னால் செருப்புச் சத்தம் கேட்டது. யார் என்று திரும்பிப் பார்க்கவில்லை.

மாடியில், டேங்குக்குப் பக்கத்தில், தான் மாட்டிய பம்பின் அழுத்த மீட்டர் முள்ளைப் பார்த்தார். மெஷின் லைனை மூடிவைத்துவிட்டுத்தான் வந்திருந்தார். கீழே தங்கச்சியைப் பம்பைப் போடச் சொன்னார். பம்பு ஓடி நின்றது. முள் நாலரை கிலோ அழுத்தத்தில் நின்றது. அவர் அன்றைக்கு வைத்துவிட்டுப் போனது ரெண்டரை. எந்த அழுத்தத்தில் பம்பு நிற்கவேண்டும் என்று தீர்மானிக்கும் பிரஷர் சுவிட்சின் மூடியைத் திறந்தார். ஸ்பிரிங்கை இறுக்கும் நட்டு, பல்லால் கடித்த மாதிரி தழும்பு தழும்பாக இருந்தது. எந்தப் பிளம்பரும் அந்த நட்டைக் கட்டிங் பிளேயரால் திருப்பமாட்டான். டேங்கின் மேல் அந்தக் கட்டிங் பிளேயர் இருந்தது. அதன் பிடியில் ஒரு சோப்புத் துண்டு ஒட்டிக் காய்ந்திருந்தது.

"குளிக்கும்போதே வந்து திருப்பினீங்களா, மாப்ளே?"

படி வாசலில் நின்ற கண்டக்டர் வானத்தைப் பார்த்தார். மழை வருமா என்று விசாரிப்பவர் போல.

"கொஞ்சம்தான் திருப்பினேன்."

"எவ்வளவு கொஞ்சம்?"

"நாலு சுத்து." பிறகு, உண்மையைச் சொல்லிவிட்டோமே, மீதியையும் சொல்லிவிடலாம் என்பது போல, முப்பத்திரண்டு வருஷம் நின்றே வேலை செய்த முதுகு மச்சான், அடி விழுந்தால்தான் அதற்குச் சுகம் என்றார்.

வாஷருக்கு முதலில் கோபம்தான் வந்தது. ஆறு மாதம் தன் கூலியை நிறுத்திவைத்துக்கொண்டு, மேலே வந்து நட்டைத் திருகிக்கொண்டிருந்திருக்கிறார் மனுஷன். அழுத்தம் ஏற ஏறத் தண்ணீரின் ஓட்டமும் ஏறும். ஓட்டம் ஏறினால் முட்டும்போது அடியும் பெரிசு. குப்பியிலிருக்கும் காற்றும் அவ்வளவு சீக்கிரம் கரையும். ஒரே நட்டில் ரெண்டு வேலை. இப்போதே கீழே போய்த் தங்கச்சி முன்னால் இதைச் சொன்னால் போதும், பாக்கி பல் இளித்துக்கொண்டு வரும்.

ஆனால் இன்னொன்றும் அவரை உறுத்தியது. முதல் தடவையே இந்த இருபத்திநாலு படியை ஏறியிருந்தால் முள் தன் கண்ணில் பட்டிருக்கும். ஏறவில்லை. அது யார் தப்பு?

"நாலு சுத்து உங்களோடது. இருபத்திநாலு படி என்னோடது," என்றார். "ரெண்டு பேரும் வாயை மூடிக்குவோம்."

கண்டக்டருக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும், ஒரு பஸ் நிறைய ஆட்கள் டிக்கெட் வாங்கி முடித்தால் வருமே, அப்படி ஒரு நிம்மதி முகத்தில் பரவியது.

வாஷர் நட்டைத் தளர்த்தினார். குழாயைத் திறந்து விட்டு, மறுபடி பம்பை ஓடவிட்டுப் பார்த்து, முள் ரெண்டரையில் நிற்கும்வரை சரிசெய்தார். கண்டக்டரின் கட்டிங் பிளேயரைத் தன் பையில் போட்டுக்கொண்டார்.

கீழே வந்து, குப்பியைத் தண்ணீரோடே மூடி, சோதனைக்கு மெஷினைப் போட்டார். டமார் இல்லை. ஆனால் 'டொம்' என்று ஒரு அடி இருந்தது. பையன் மகளின் தோளில் முகத்தைச் சுளித்து, அழலாமா என்று ஆலோசித்து, அழாமல் விட்டான்.

இப்போது குப்பியை வடித்துவிட்டால் அந்த டொம்மும் போய்விடும். பையன் தூங்குவான். பாக்கியை வாங்கிக்கொண்டு நடையைக் கட்டலாம். அழுத்தமும் குறைந்துவிட்டதால் வருஷம் ஒன்று கூடத் தாங்கலாம். கண்டக்டரே கண்ணால் ஜாடை காட்டினார், முடித்துவிடு என்று. வாஷர் சோடா பாட்டிலைப் பார்த்தார். அதில் கடைசிக் குமிழ்களும் போய்ச் செத்த தண்ணீராகிவிட்டிருந்தது.

"இது நிக்காது. நான் வர்றேன்," என்று சொல்லிவிட்டுத் தெருவில் இறங்கினார்.

தெருமுனை ஹார்டுவேர் கடையில் குழாய்க்குள் விழும் அடியை அடக்க ஹேமர் அரெஸ்டர் என்று ஒரு சாமான் கண்ணாடிக்குள் இருந்தது. கட்டைவிரலை விடக் கொஞ்சம் பெரிசாக, செம்பு நிறத்தில். அதை அவர் வருஷக் கணக்கில் கிண்டல் செய்திருக்கிறார். ஒரு முழக் குழாய் செய்கிற வேலைக்கு ஆயிரத்து நூற்றைம்பதா என்று. இன்று கடைக்காரம்மாவிடம் அதை வாங்கிக் காதருகே வைத்து ஆட்டிப் பார்த்தார். உள்ளே ஒரு பிஸ்டன் இருக்கிறது, அதைச் சுற்றி ரப்பர் வளையம், பிஸ்டனுக்குப் பின்னால் அடைத்த காற்று என்று கடைக்காரம்மா சொன்னாள்.

"அப்ப காத்தும் தண்ணியும் தொடாது?"

"நடுவுல சுவர் இருக்குல்ல. எப்படித் தொடும்?"

அவ்வளவுதான் விஷயம். ஒரு நடுச்சுவர். வாஷர் ரெண்டு வாங்கினார், தன் சொந்தக் காசில், ரெண்டாயிரத்து முந்நூறு. சைக்கிள் கடையில் கிழிந்த டியூப் ஒன்றைச் சும்மா கேட்டு வாங்கினார். திரும்பி வரும்போது ஹார்டுவேர் கடைக்காரம்மா, குப்பி கட்சியில் இருந்து எப்போது மாறினீர்கள் என்று கேட்டுச் சிரித்தது காதில் விழுந்தது. விழாத மாதிரி நடந்தார்.

ஒன்றை மெஷினின் குழாய் வாயிலேயே, வால்வுக்கு எவ்வளவு பக்கத்தில் முடியுமோ அவ்வளவு பக்கத்தில் மாட்டினார். அடி புறப்படுகிற இடத்திலேயே அதைப் பிடிக்கவேண்டும். தூரத்தில் வைத்தால், அது வந்து சேர்வதற்குள் வழியிலுள்ள குழாயையெல்லாம் உலுக்கிவிடும். இன்னொன்றை சமையலறை லீவர் குழாய்க்கு அடியில் வைத்தார். காத்துக் குப்பியைக் கழற்றி அந்த இடத்தை அடைத்தார். அப்புறம் குழாய் போகும் சந்தின் சின்னக் கதவைத் திறந்து கையை விட்டார். குழாயைப் பிடித்திருக்கும் ஒரு கிளாம்பு கழன்று, குழாய் சுவரில் இடிபட்ட இடத்தில் சுண்ணாம்பு பெயர்ந்திருந்தது. டியூபை நறுக்கி குழாயைச் சுற்றி வைத்து, மேலே கிளாம்பைப் பூட்டினார். ரொம்ப இறுக்கவில்லை. ஆடாமல் இருந்தால் போதும், மூச்சுவிட இடம் வேண்டும்.

மத்தியானம் பையன் தூங்கினான். மகள் அவனை மெஷினுக்கு அடுத்த அறையில், கதவைத் திறந்துவைத்தே படுக்கவைத்தாள். சலுகை எதுவும் கிடையாது என்று விரலால் சைகை செய்தாள். பிறகு அவனுடைய துணிகளையே மெஷினில் போட்டுப் பொத்தானை அமுக்கினாள்.

தண்ணீர் இறங்கும் இரைச்சல். நாலு பேரும் நாலு மூலையில். தங்கச்சி சேலைத் தலைப்பை வாயில் வைத்துக் கடித்துக்கொண்டிருந்தாள். கண்டக்டர் சுவரைப் பிடித்திருந்தார், பிரேக் போடப்போவது தெரிந்த ஆள் மாதிரி. வாஷர் பையனின் முகத்தை மட்டும் பார்த்தார். அவ்வளவு சின்ன முகத்தில் அவ்வளவு பெரிய தொகையை அவர் இதற்கு முன் பார்த்ததில்லை.

இரைச்சல் வெட்டினாற்போல நின்றது. அதற்குப் பிறகு, யாரோ தூரத்தில் ஒரு புத்தகத்தை மூடினது போல, 'தப்' என்று ஒரு சின்னச் சத்தம். அவ்வளவுதான். டம்ளர் ஆடவில்லை. பையன் தூக்கத்திலேயே வாயைக் கோணி ஒரு சிரிப்புச் சிரித்துவிட்டு, கையை விரித்துப் போட்டான்.

தங்கச்சி சத்தம் வராமல் கைதட்டினாள், உள்ளங்கைகள் தொடாமல். மகள் அப்படியே தரையில் உட்கார்ந்து, சுவரில் தலையைச் சாய்த்து, மாமாவைப் பார்த்துச் சிரித்தாள். பார்த்துக்கொண்டிருக்கும்போதே அவளும் தூங்கிப் போனாள். பாக்கியை அப்பாவிடமிருந்து பிடுங்கும் வேலை அப்படியே நின்றது.

அதற்கு அவசியமும் இருக்கவில்லை. கண்டக்டர் சமையலறை மேஜையில் நோட்டுகளை எடுத்துவைத்து, வழக்கம்போல் மடித்து விரல் இடுக்கில் சொருகிக்கொண்டு கணக்குச் சொன்னார், கிசுகிசுப்பாக. பாக்கி நாலாயிரத்து முந்நூற்று எழுபது. அரெஸ்டர் ரெண்டுக்கும் ரெண்டாயிரத்து முந்நூறு. நாலு சுத்துக்கும் இருபத்திநாலு படிக்கும் சரிபாதி என்றால் தன் பங்கு ஆயிரத்து நூற்றைம்பது. ஆக மொத்தம் ஐயாயிரத்து ஐந்நூற்று இருபது. தங்கச்சி, என்ன சுத்து, என்ன படி என்று கேட்டாள். இருவரும் ஒரே நேரத்தில் தண்ணீர் குடித்தார்கள்.

பதினொரு ஐந்நூறும் ஒரு ஐம்பதும் வாஷர் கைக்கு வந்தன.

"முப்பது ரூபாய் சில்லறை குடு, மச்சான்."

வாஷர் பையெல்லாம் தடவினார். கட்டிங் பிளேயர் இருந்தது, ரப்பர் துண்டு இருந்தது, சில்லறை இல்லை. கடைசியில் அந்த வெளுத்த டிக்கெட்டை எடுத்தார். கண்டக்டரின் பச்சைப் பேனாவையே வாங்கி, 4370 என்று இருந்ததைக் குறுக்கே அடித்து, அதன் கீழே நிதானமாக 30 என்று எழுதி, கோடு இழுத்து, கையெழுத்தும் போட்டு நீட்டினார்.

"இறங்கும்போது வாங்கிக்குங்க."

கண்டக்டர் டிக்கெட்டை வாங்கித் தூரத்தில் பிடித்துப் பார்த்தார். முப்பத்திரண்டு வருஷத்தில் யாரும் அவருக்கு இதைச் செய்ததில்லை. தோள் குலுங்க ஆரம்பித்தது. சத்தம் வெளியே வந்துவிடாமல் இருக்கத் துண்டை வாயில் அடைத்துக்கொண்டு சிரித்தார். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. சிரித்து முடித்து, டிக்கெட்டை ரெண்டாகக் கிழித்தார், நாலாகக் கிழித்தார், தொட்டியில் போட்டுக் குழாயைத் திறந்துவிட்டார்.

பச்சை மை கரைந்து ஓடியது. கண்டக்டர் ஆறு மாதப் பழக்கத்தில் லீவரை மெல்லப் பிடித்தார். அப்புறம் மச்சானைப் பார்த்தார். வாஷர் தலையை ஆட்டினார்.

பட்டென்று மூடினார். வீடு அமைதியாக இருந்தது.